நேரலையில் கூட்டம் இருந்தும் புடவை விற்கவில்லையா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

கடலூர், புதுச்சேரி வட்டாரத்தில் சிறு ஜவுளிக்கடைகள் பல இப்போது நேரலையில் புடவை விற்கின்றன. விற்பனை சரியில்லை என்றதும் கடைக்காரர் முதலில் புதிய விளக்கு வாங்குகிறார்; அதற்கும் அசையவில்லை என்றால் மைக் வாங்குகிறார். பெரும்பாலும் கோளாறு அங்கே இருப்பதில்லை. நேரலைக்குள்ளேயே பொருள் விற்கும் வசதியைப் பேஸ்புக் 2022 அக்டோபர் 1 அன்றும், இன்ஸ்டாகிராம் 2023 மார்ச் 16 அன்றும் நிறுத்திவிட்டன. அதனால் முதலில் யார் கேட்டார், யாருக்கு ஒதுக்கினோம், பணம் வந்ததா என்பதெல்லாம் கையால் நடக்கிறது. கைவேலையில் தவறுவது வரிசைதான். புடவைகளின் வரிசை ஒன்று, கேட்டவர்களின் வரிசை இன்னொன்று.

கீழே சொல்வதற்கெல்லாம் எடுத்துக்காட்டு, திருப்பாதிரிப்புலியூரில் உள்ள ஒரு சிறிய புடவைக் கடை. கணவர் கல்லாவில் இருக்கிறார், மனைவி புடவையைக் காட்டிப் பேசுகிறார், கல்லூரியில் படிக்கும் அண்ணன் மகள் கைப்பேசியைப் பார்த்துக்கொள்கிறாள். பெரும்பாலும் 600 ரூபாயிலிருந்து 2,500 ரூபாய் வரையுள்ள பருத்திப் புடவைகள்: சின்னாளப்பட்டி, நெகமம், காஞ்சி காட்டன்.

முதலில் ஒரு தாள்

எந்த அறிகுறியையும் தொடுமுன் ஒரு நேரலை முழுவதும் நோட்டில் குறிப்பு எடுங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நான்கு விவரங்கள் போதும்: மணி, அந்நேரம் பார்ப்பவர்களின் எண்ணிக்கை, கையில் இருக்கும் புடவையின் எண், அதுவரை வந்த ஆர்டர்கள். நேரலை முடிந்த பிறகு வரும் மொத்தப் பார்வைக் கணக்கை நம்பி எதையும் முடிவு செய்ய வேண்டாம். அது மறுநாள் பார்த்தவரையும், இரண்டு நொடி எட்டிப் பார்த்தவரையும் சேர்த்துச் சொல்லும். எந்தப் புடவை கையில் இருந்தபோது எத்தனை பேர் எதிரில் இருந்தார்கள் என்பதை இந்தத் தாள்தான் சொல்லும்.

அறிகுறி: நல்ல புடவைகள் விற்கவில்லை, சாதாரணப் புடவைகள் விற்றுவிட்டன

திருப்பாதிரிப்புலியூர்க் கடையின் தாளில் இது தெளிவாகத் தெரிந்தது. தொடக்கத்தில் பத்துப் பன்னிரண்டு பேர். இருபது நிமிடத்தில் நாற்பதைத் தாண்டியது. நாற்பதாவது நிமிடத்தை ஒட்டி உச்சம், பிறகு மெல்ல இறக்கம். ஆனால் அந்த அம்மா, கடையில் வாடிக்கையாளருக்குக் காட்டுவதைப் போலவே, மனத்துக்குப் பிடித்த காஞ்சி காட்டன்களை முதலில் எடுத்துவிட்டார். கூட்டம் சேர்ந்தபோது கையில் இருந்தது 650 ரூபாய்ச் சின்னாளப்பட்டி.

கடைக்கு வருபவர் வாசல் தாண்டியதும் முழு ஆள். நேரலைக்கு வருபவரோ அறிவிப்பு கண்ணில் படும்போதுதான் வருவார், சமையல் முடித்துவிட்டு வருவார், பாதியில் வருவார். அதனால் கடை வரிசை இங்கே உதவாது. அதற்காக நல்லதையெல்லாம் கடைசிக்குத் தள்ளி வைப்பதும் தவறு. 'இன்னும் நல்லது வருகிறது, இருங்கள்' என்ற பேச்சுக்குப் பத்து நிமிடம் மதிப்புண்டு, ஒரு மணி நேரம் கிடையாது.

வரிசை அமைக்க ஒரே ஒரு பிரிவினை போதும்: ஒரே நிறத்தில் பல எண்ணிக்கை இருக்கும் புடவை எது, சிங்கிள் பீஸ் எது? பல எண்ணிக்கை உள்ளதைத் தாமதமாக வந்தவருக்கும் மறுபடி காட்டி விற்கலாம். சிங்கிள் பீஸுக்கு ஒரே ஒரு வாய்ப்புதான், அதைக் கூட்டம் நிறைந்த நேரத்தில்தான் செலவழிக்க வேண்டும்.

அடுத்து நேரக் கணக்கு. ஒரு புடவைக்கு எவ்வளவு நேரம் என்று கேட்டால் பெரும்பாலோர் முக்கால் நிமிடம் என்பார்கள். அப்படித்தான் ஒரு மணி நேரத்துக்கு எண்பது புடவை அடுக்கிவைக்கிறார்கள். முந்தானை, உடல், கரை, ரவிக்கைத் துணி என நான்கையும் காட்டி விலை சொல்ல ஒன்றரை நிமிடம் ஆகும். பிறகு அரை நிமிடம் கையில் வைத்திருக்க வேண்டும். காரணம், நீங்கள் சொல்வது பார்ப்பவருக்குத் தாமதமாகத்தான் போய்ச் சேர்கிறது. இதை அளப்பது எளிது: நொடி முள் ஓடும் கடிகாரத்தைக் கேமரா முன் பிடித்து, வேறொரு வீட்டில் இருப்பவரின் கைப்பேசியில் தெரியும் நேரத்தோடு தொலைபேசியில் ஒப்பிட்டுப் பாருங்கள். இந்தக் கடையில் பதினைந்து நொடி வந்தது. பார்த்தவர் முடிவெடுத்துத் தட்டச்ச இன்னொரு பதினைந்து நொடி. ஆக, ஒரு புடவைக்கு இரண்டு நிமிடம்.

75 நிமிட நேரலைக்கு அவர்கள் வகுத்த திட்டம் இது. தொடக்கத்தில் 5 நிமிடம் விதிமுறையும் அன்றைய சரக்கின் ஒரு பார்வையும். பிறகு 16 நிமிடம் வீதம் நான்கு சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் 6 புடவைக்கு 12 நிமிடம். மீதி 4 நிமிடத்தில் அந்தச் சுற்றில் மிச்சமிருப்பதை ஒரு முறை தூக்கிக் காட்டுவது, ஒதுக்கியவர்களின் எண்ணைப் படிப்பது. இறுதியில் 6 நிமிடம் கேள்விகளுக்கு. முதல் சுற்று முழுவதும் பல எண்ணிக்கை உள்ள சின்னாளப்பட்டி. இரண்டாவதில் பாதிக்குப் பாதி. மூன்றாவது சுற்றில், கூட்டம் உச்சத்தில் இருக்கும்போது, ஆறும் சிங்கிள் பீஸ் காஞ்சி காட்டன். நான்காவதில் நான்கே புதுப் புடவை. மற்ற இரண்டு இடத்தை வேண்டுமென்றே காலியாக விட்டார்கள். ஏன் என்பது பணம் பற்றிய பகுதியில் வரும்.

மொத்தம் 22 புடவைகள். 'இவ்வளவுதானா' என்று கணவர் முகம் சுளித்தார். முன்பு காட்டிய எழுபதில் ஒவ்வொன்றும் எத்தனை பேர் கண்ணில் பட்டது என்று தாளைப் புரட்டிப் பார்த்த பிறகு அந்தப் பேச்சு எழவில்லை.

அறிகுறி: ஒரே புடவைக்கு இரண்டு பேர் உரிமை கொண்டாடுகிறார்கள்

'அக்கா, நான்தான் முதலில் போட்டேன், என் போனில் என் கமெண்ட்தான் மேலே இருக்கிறது' என்று ஒருவர் படம் எடுத்து அனுப்புவார். இன்னொருவரும் அதையே செய்வார். இருவருமே பொய் சொல்லவில்லை. தாமதம் எல்லாருக்கும் ஒரே அளவாக இருப்பதில்லை. தாம் எழுதியது தம் திரையில் உடனே தெரியும், பிறருடையது பின்னால் வந்து சேரும். ஒரே நேரத்தில் பேஸ்புக்கிலும் யூடியூபிலும் நேரலை விட்டால் இன்னும் மோசம். இரண்டின் தாமதமும் வேறு வேறு என்பதால், ஒரு பக்கத்தில் இருப்பவர் எப்போதுமே தோற்றுக்கொண்டிருப்பார். ஏன் தோற்கிறார் என்று அவருக்கும் தெரியாது.

இதற்கு மருந்து, கமெண்ட்டைப் பேச்சுக்கு மட்டும் வைத்துக்கொண்டு, ஆர்டரை ஒரே ஒரு வாட்ஸ்அப் எண்ணுக்கு மாற்றுவது. கடையின் அந்த ஒரு கைப்பேசியில் எந்தச் செய்தி முதலில் வந்து நிற்கிறதோ அதுவே முதல் உரிமை. இந்த விதியைத் தொடக்கத்திலும் ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் சொல்ல வேண்டும். தாமதத்தின் வேறுபாடு இதனால் ஒழிந்துவிடாது. ஆனால் தீர்ப்புச் சொல்ல ஒரே இடம் இருக்கும், அந்த இடமும் கடையின் கையில் இருக்கும்.

கமெண்ட்டிலிருந்து வாட்ஸ்அப்புக்குத் தாவ இந்த இணைப்பு உதவும். X உள்ள இடத்தில் உங்கள் பத்து இலக்க எண். முன்னால் கூட்டல் குறி வேண்டாம்.

```
https://wa.me/91XXXXXXXXXX
```

பேஸ்புக்கில் இதைக் கமெண்ட்டாகப் போட்டு மேலே நிறுத்திவைக்கலாம். யூடியூபில் காணொளியின் விவரப் பகுதியில் கொடுங்கள். இன்ஸ்டாகிராம் நேரலையில் கமெண்ட்டில் போட்ட இணைப்பைத் தொட்டால் திறக்காது. முகப்புப் பக்கத்தில் வைத்து, அங்கே போகும்படி வாயால் சொல்ல வேண்டும்.

புடவை எண்ணிலும் கொஞ்சம் யோசனை தேவை. 'கே 7' என்று எழுத்து கலந்து வைத்தால், தமிழ் விசைப்பலகையில் இருப்பவர் மொழி மாற்றித் தட்டுவதற்குள் புடவை போய்விடும். வெறும் இலக்கம் நல்லது. ஆனால் 1, 2 என்று தொடங்கினால் '2' என்று வந்த செய்திக்கு இரண்டாம் எண் புடவையா, இரண்டு புடவையா என்று முழிக்க வேண்டும். எனவே மூன்று இலக்கம் வையுங்கள். இந்த வாரம் 301 முதல், அடுத்த வாரம் 401 முதல். நேரலையை மறுநாள் பார்த்துவிட்டு '305 இருக்கிறதா' என்று ஒருவர் கேட்டால் எந்த வாரத்துப் புடவை என்று உடனே தெரியும். எண்ணை அட்டையில் பெரிதாக எழுதிப் புடவையிலேயே குத்தி வையுங்கள். கையில் பிடித்தால் பேசுகிற வேகத்தில் மறந்துபோகும்.

கைப்பேசி பார்ப்பவள் செய்ய வேண்டியது மூன்று. முதல் செய்திக்கு '305 உங்களுக்கு ஒதுக்கியாயிற்று' என்று பதில். இரண்டாம், மூன்றாம் ஆளுக்கு 'நீங்கள் காத்திருப்பில் இரண்டாவது' என்று பதில். பிறகு பேசுபவருக்குத் தெரியும்படி கரும்பலகையில் 305-ஐ அடிப்பது. காத்திருப்பில் இருப்பவருக்குப் பதில் போடாமல் விடுவதுதான் சண்டையில் பாதி. வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் இந்த வாக்கியங்களை விரைவுப் பதில்களாகச் சேமித்துவிட்டால், சாய்கோடு தட்டியதும் வந்து நிற்கும்.

அறிகுறி: கமெண்ட் முழுவதும் 'விலை என்ன?' மட்டுமே

இதைச் சிலர் ஆர்வம் என்று எண்ணி மகிழ்கிறார்கள். தாமதமாக வந்தவருக்குத் திரையில் விலை தெரியவில்லை என்பதே இதன் பொருள். எண் அட்டையிலேயே விலையும் எழுதுங்கள், தூதஞ்சல் செலவு தனியா சேர்ந்ததா என்பதையும் எழுதுங்கள். 'விலை இன்பாக்ஸில்' என்று சொல்வது கூட்டத்தைக் கலைக்க நல்ல வழி.

விலைக் கேள்வி ஒழிந்தால் உண்மையான கேள்விகள் வரத் தொடங்கும். சாயம் போகுமா? ரவிக்கைத் துணி சேர்ந்ததா, தனியா? நீளம் எவ்வளவு? ஐந்தரை மீட்டர் புடவையும் முக்கால் மீட்டருக்குச் சற்று மேல் ரவிக்கைத் துணியும் சேர்ந்தால் ஆறே கால் மீட்டரைத் தாண்டும்; இதை நேரலையில் அளவுகோலால் அளந்து காட்டுங்கள். சாயத்துக்கு, ஈர வெள்ளைத் துணியால் முந்தானை ஓரத்தைத் தேய்த்துக் காட்டினால் நூறு வாக்குறுதிக்குச் சமம். சாயம் கொஞ்சம் ஒட்டினால் அதையும் காட்டி, முதல் இரண்டு முறை தனியாக அலசச் சொல்லுங்கள்.

கேள்வி கேட்டவரின் பெயரைச் சொல்லிப் பதில் சொல்வது நல்லதுதான். ஆனால் அதே கேள்விக்கு ஏழு பேருக்கு ஏழு முறை பதில் சொன்னால் இரண்டு நிமிடக் கணக்கு கிழிந்துவிடும். கைப்பேசி பார்ப்பவள் கேள்விகளைச் சேர்த்துவைத்து ஒரு புடவைக்கு ஒன்றோ இரண்டோ மட்டும் உரக்கப் படித்தால் போதும். வணக்கம் சொல்பவர்களுக்குத் தொடக்கத்து ஐந்து நிமிடம் இருக்கிறது.

அறிகுறி: ஆர்டர் இருபது, பணம் வந்தது பத்துக்கு

ஒதுக்கியவர் மறுநாள் 'வீட்டில் வேண்டாம் என்கிறார்கள்' என்பார். காத்திருப்பில் இருந்தவர் அதற்குள் வேறெங்கோ வாங்கியிருப்பார். கெடு இல்லாமல் ஒதுக்கியதன் விளைவு இது. 'இன்று இரவுக்குள்' என்பதும் கெடுவாகாது, கூட்டம் கலைந்த பிறகு முடிகிற கெடுவால் கடைக்குப் பயனில்லை.

திருப்பாதிரிப்புலியூர்க் கடை வைத்த கெடு இருபது நிமிடம். சுற்று முடிவில் கைப்பேசி பார்ப்பவள் பட்டியலைப் பார்த்து, பணம் வராத எண்ணைக் காத்திருப்பில் இரண்டாவதாக இருப்பவருக்குக் கொடுக்கிறாள். அவருக்கும் வேண்டாம் என்றால் அந்தப் புடவை நான்காவது சுற்றில் காலியாக விட்ட இரண்டு இடங்களில் ஒன்றுக்கு மறுபடி வரும். ஒரு நேரலையில் 311-ஆம் எண், மாம்பழ நிறத்தில் அரக்குக் கரை போட்ட காஞ்சி காட்டன், 1,850 ரூபாய், இரண்டாவது சுற்றில் ஒருவருக்கு ஒதுக்கப்பட்டது. அவர் பணம் அனுப்பவில்லை. காத்திருந்தவர் நேரலையை விட்டுப் போயிருந்தார். நான்காவது சுற்றில் மறுபடி எடுத்தபோது, முதல்முறை பார்க்காமல் விட்ட பண்ருட்டிக்காரர் ஒருவர் வாங்கிவிட்டார். காலியிடம் விடாமல் 24 புடவையும் அடுக்கியிருந்தால் 311 மடித்து அலமாரிக்குப் போயிருக்கும்.

கணவருக்கு இங்கே ஒரு வேலை உண்டு. பணம் அனுப்பியதாக வரும் ஸ்கிரீன்ஷாட்டை நம்பக் கூடாது, அதைப் போலியாகச் செய்வது எளிது. யுபிஐ பரிமாற்றத்துக்குப் பன்னிரண்டு இலக்கக் குறிப்பு எண் உண்டு. அந்த எண்ணும் தொகையும் கடைக் கணக்கில் வரவாகியிருந்தால்தான் 'பணம் வந்தது' என்று குறி வைக்க வேண்டும். இன்னொன்று, வாடிக்கையாளர் தம் கைப்பேசி எண்ணைக் கமெண்ட்டில் போட்டால் உடனே நீக்கச் சொல்லுங்கள். கடையின் பெயரில் வேறொருவர் அவரை அழைத்துப் பணம் கேட்கும் மோசடி அங்கிருந்துதான் தொடங்குகிறது.

புதுச்சேரிக் கடைகளுக்குத் தனியாக ஒரு சொல். பாகூர்ப் பக்கம் இருக்கும் கடையிலிருந்து கடலூருக்குப் புடவை அனுப்பினால், தூரம் எவ்வளவு குறைவாக இருந்தாலும், ஜிஎஸ்டி கணக்கில் அது மாநிலம் கடந்த விற்பனை. ஆண்டு விற்பனை வரம்புக்குள் இருப்பதால் பதிவு வேண்டாம் என்ற சலுகை, மாநிலம் கடந்து பொருள் விற்பவருக்குப் பொதுவாகப் பொருந்தாது. அஞ்சல் குறியீட்டை மட்டும் பார்த்து முடிவு செய்யவும் முடியாது: 605 என்ற தொடக்கம் புதுச்சேரிக்கும் உண்டு, விழுப்புரத்துக்கும் உண்டு. முகவரியில் மாநிலத்தையும் எழுதி வாங்குங்கள். முதல் நேரலைக்கு முன்பே கணக்காளரிடம் பேசிவிடுங்கள்.

அறிகுறி: நேரலைப் பொத்தானே வரவில்லை, அல்லது பாதியில் படம் நிற்கிறது

பொத்தான் இல்லையென்றால் கணக்கின் தகுதியைப் பாருங்கள். யூடியூபில் கைப்பேசியிலிருந்து நேரலை விட 50 சந்தாதாரர்கள் வேண்டும். முதன்முறை இயக்கும்போது 24 மணி நேரம் வரை காத்திருக்கவும் நேரும். பேஸ்புக்கில் கணக்குக்கு 60 நாள் வயதும் 100 பின்தொடர்வோரும் வேண்டும். இன்ஸ்டாகிராம் 2025 முதல் 1,000 பின்தொடர்வோரைக் கேட்கிறது.

படம் நின்றால் பதிவேற்ற வேகத்தை அளந்து பாருங்கள், பதிவிறக்க வேகம் இங்கே பொருட்டல்ல. 720p படத்துக்கு 4 எம்பிபிஎஸ் அளவுக்குத் தேவைப்படும், அதற்கு மேல் கொஞ்சம் மிச்சம் இருந்தால் நிம்மதி. நிறம் மாறுகிறது என்ற புகாருக்கு, ஒரே வகை வெள்ளை விளக்கை மட்டும் எரியவிட்டு மஞ்சள் விளக்கை அணையுங்கள். புடவைக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு வெள்ளைத் துணி தெரியட்டும்.

அறிகுறி: வாரத்துக்கு வாரம் கூட்டம் குறைகிறது

நாளும் நேரமும் மாறிக்கொண்டே இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மாறாமல் இருந்தும் குறைகிறது என்றால் நேரம் தவறு. சரியான நேரத்தை ஊகிக்க வேண்டாம், உங்கள் வாட்ஸ்அப்பிலேயே இருக்கிறது. சாதாரண நாள்களில் 'இது இருக்கிறதா, என்ன விலை' என்று கேட்டு வந்த பழைய செய்திகளின் மணியை மட்டும் எழுதிப் பாருங்கள். இந்தக் கடைக்குப் பிற்பகல் மூன்று மணிக்கு மேல் குவிந்திருந்தது. ஆனால் அவர்கள் நேரலை விட்டது ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு. ஞாயிறு வெளியே போகும் நாள். போதாததற்கு மாலை 4.30 முதல் 6 வரை ராகு காலம். நம்புகிறவர்கள் புடவையைப் பார்த்துவிட்டு 'ஆறு மணிக்கு மேல் பணம் போடுகிறேன்' என்று சொல்லிவிடுவார்கள். இருபது நிமிடக் கெடுவை அவர்களிடம் எப்படிச் செலுத்துவது?

புதன் மூன்று மணிக்கு மாற்றினார்கள். அன்று ராகு காலம் 12 முதல் 1.30 வரை, அதோடு மோதவில்லை. வியாழன் காலையில் பார்சல் போய்விட்டால், பக்கத்து ஊர்களுக்கு வார இறுதிக்குள் சேர நல்ல வாய்ப்பு. ஒரு தொல்லை மட்டும் உண்டு: மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை பகல் நேரத்தில்தான் வரும். அறிவிப்பைப் பார்த்து அந்த வாரம் மட்டும் நாளை மாற்றி, மூன்று நாள் முன்பே சொல்லிவிட வேண்டும். இன்வெர்ட்டர் இருந்தால் வைஃபை ரவுட்டரும் அதில் இணைந்திருக்கிறதா என்று பாருங்கள். விளக்கு எரிந்து இணையம் செத்துப்போன நேரலைகள் உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் புயல் எச்சரிக்கை வந்தால் நேரலையைத் தள்ளிவைப்பதே மேல். பணம் வாங்கிவிட்டுப் பார்சல் கிடங்கில் நனைந்தால் அந்த வாடிக்கையாளர் திரும்ப வரமாட்டார்.

நாளும் நேரமும் சரி, இன்னும் குறைகிறது என்றால் சரக்கைப் பாருங்கள். போன வாரம் காட்டிய அதே புடவை இந்த வாரமும் பாதிக்கு மேல் இருந்தால், வாரம் ஒருமுறை என்பது உங்கள் கொள்முதலுக்கு அதிகம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஆக்குங்கள். பழைய சரக்குக்கு முதல் சுற்றில் இரண்டு இடம் போதும், அதுவும் குறைத்த விலையோடு.

பதிவான நேரலையிலிருந்தும் ஆர்டர் வரும். விற்றுப்போன எண்களை நிறுத்திவைத்த கமெண்ட்டில் அன்று இரவே எழுதிவிடுங்கள். பேஸ்புக் 2025 பிப்ரவரியிலிருந்து நேரலைப் பதிவுகளை 30 நாளில் நீக்கிவிடுகிறது, வேண்டியதை அதற்குள் பதிவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.